கட்சிக்காரர் கொடுத்த ரசீதில் ஒரு லட்சம் கூடியிருக்கிறது. குறுக்கு விசாரணையில் காட்டலாமா?

முதல்வாய்தா | திங்கள், இரவு 10.40

வணக்கம். வக்கீலாகப் பதிவு செய்து மூன்று வருடம் ஆகிறது. ஒரு மாவட்டத் தலைநகரில் சீனியர் ஒருவரிடம் இருக்கிறேன். ஊர், பேர் சொல்லப் போவதில்லை. தொகைகளையும் மாதங்களையும் லேசாக மாற்றியிருக்கிறேன், விஷயம் மாறவில்லை.

முன்சீப் கோர்ட்டில் ஒரு புரோநோட்டு வழக்கு. நாங்கள் பிரதிவாதி பக்கம். 2021 ஜூனில் 3 லட்சம் வாங்கியது, வருடத்துக்கு 12 சதவீத வட்டி. 2022 ஜூனில் பகுதித் தொகை திருப்பிக் கொடுத்து, வாதியின் கையெழுத்தோடு ரசீது வாங்கியிருக்கிறார். 2024 ஆரம்பத்தில் வழக்கு. சம்மன் வந்ததும் கட்சிக்காரர் எங்களிடம் வந்தார். அன்றைக்கு அந்த ரசீதை மேஜை மேல் வைத்து என் போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டேன். ஒரிஜினல் அவரிடமே போனது. எதிர்வாதவுரை சீனியர் எழுதியது. 'கணிசமான தொகை திருப்பிச் செலுத்தப்பட்டது, ரசீது விசாரணையின்போது தாக்கல் செய்யப்படும்' என்று மட்டும் இருக்கிறது. தொகை இல்லை.

போன வாரம் கட்சிக்காரர் ஒரிஜினலைக் கொண்டு வந்தார். ரூபாய் 1,80,000. எழுத்தால் 'ஒரு லட்சத்து எண்பதாயிரம்'. எனக்கு எண்பதாயிரம் என்றுதான் ஞாபகம். போனைத் திறந்து பார்த்தேன். படத்தில் 80,000. எழுத்திலும் 'எண்பதாயிரம்' மட்டும்தான். இப்போதைய தாளில் 'ஒரு லட்சத்து' இடது ஓரத்தில் நெருக்கி எழுதப்பட்டிருக்கிறது. ரெவின்யூ ஸ்டாம்பின் மேல் இருக்கும் கையெழுத்து வாதியுடையதுதான், அதில் சந்தேகமே இல்லை.

சீனியரிடம் சொன்னேன். 'கொடுத்ததைப் போடுறது நம்ம வேலை, நிஜமா பொய்யான்னு பார்க்கிறது கோர்ட்டோட வேலை' என்றார். அடுத்த வாய்தாவில் வாதியின் கிராஸ். அவர் திட்டம்: ரசீதை வாதியிடம் காட்டி, 'இது உங்க கையெழுத்துதானே?' என்று கேட்பது. 'ஆமாம்' என்றதும் அவர் வாய்வழியாகவே எக்ஸிபிட் பி1. கிராஸ் நான் பண்ண வேண்டுமாம். வக்காலத்தில் என் பெயரும் இருக்கிறது. பன்னிரண்டு நாள் இருக்கிறது.

தஞ்சை மணி | திங்கள், இரவு 11.05

இதுல என்ன தம்பி குழப்பம்? கையெழுத்தை ஒப்பிட எக்ஸ்பர்ட்டுக்கு அனுப்ப ஒரு இடைக்கால மனு போடுங்க. சென்னை தடயவியல் ஆபீசுக்குப் போகும். மை வேற, காலம் வேறன்னு ரிப்போர்ட் வந்தா வாதி காலி. என் மச்சான் கேசுல இப்படித்தான் புரோநோட்டையே உடைச்சாங்க.

முதல்வாய்தா | திங்கள், இரவு 11.12

அண்ணே, திருத்தினது வாதி இல்லை. எங்க கட்சிக்காரர்.

தஞ்சை மணி | திங்கள், இரவு 11.14

ஐயோ.

ஏழாம் நம்பர் அறை | செவ்வாய், காலை 7.30

ரொம்ப யோசிக்கிறீங்க. கட்சிக்காரர் நம்மகிட்ட சொன்னதையும் கொடுத்ததையும் வெளியில சொல்லக் கூடாது. சாட்சியச் சட்டம் 126, இப்போ புது சட்டத்துல 132. பார் கவுன்சில் விதியும் அதையே சொல்லுது. அதோட நம்ம சொந்த அபிப்பிராயம் எதுவா இருந்தாலும் கட்சிக்காரருக்காகப் பயப்படாம வாதாடணும்னும் விதி இருக்கு. கசாபுக்கே வக்கீல் வெச்சுத்தானே விசாரிச்சாங்க? கோயம்புத்தூர் பார் 'இந்தப் போலீஸ்காரங்களுக்கு யாரும் ஆஜராகக் கூடாது'ன்னு தீர்மானம் போட்ட விவகாரத்துல, அந்த மாதிரி தீர்மானமே செல்லாதுன்னு 2010-ல உச்ச நீதிமன்றம் சொல்லுச்சு. அப்போ ஒரு ரசீதுக்காக நீங்க கட்சிக்காரரைக் கைவிடலாமா? வாயை மூடிக்கிட்டு கிராஸ் பண்ணுங்க. பொய்னா எதிர்த்தரப்பு நிரூபிக்கட்டும்.

கருப்புக்குடை | செவ்வாய், மதியம் 2.15

ஏழாம் நம்பர் சார் சொன்னதில் பாதி சரி. அந்தப் பாதியை வைத்துக்கொண்டு நடந்தால்தான் ஆபத்து. முப்பத்தொரு வருடமாகக் கீழ்க்கோர்ட்டில் நிற்கிறேன், கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

126-ஆம் பிரிவின் உதாரணங்களைக் கல்லூரியில் எல்லோரும் படிக்கிறோம், அப்புறம் மறந்துவிடுகிறோம். ஒருவன் வக்கீலிடம் வந்து 'நான் போலி ஆவணம் தயாரித்துவிட்டேன், எனக்காக வாதாடுங்கள்' என்கிறான். அது ரகசியம். எந்தக் கோர்ட்டும் உங்களைச் சொல்லச் சொல்ல முடியாது. இன்னொருவன் வந்து 'இந்தப் போலிப் பத்திரத்தை வைத்துச் சொத்தை எடுக்கணும், வழக்குப் போடுங்கள்' என்கிறான். அதற்கு எந்தப் பாதுகாப்பும் இல்லை. இரண்டு பேர் செய்ததும் ஒரே குற்றம்தான். முதலாமவன் நடந்து முடிந்ததற்குத் துணை கேட்கிறான். இரண்டாமவன் நடக்கப் போவதற்கு உங்களைக் கூட்டாளியாக்குகிறான். கசாபும் கோயம்புத்தூர் போலீஸ்காரர்களும் முதல் வகை. குற்றம் செய்தவனுக்கும் வக்கீல் உண்டு, அதில் யாருக்கும் தகராறு இல்லை. அந்த வக்கீல் பொய் ஆவணத்தைத் தன் கையால் நீட்டலாமா என்பது தனிக் கேள்வி.

தம்பியின் விஷயம் மூன்றாவது உதாரணத்துக்கு அச்சு அசலாகப் பொருந்துகிறது. கையாடல் வழக்கில் ஒருவன் வக்கீல் வைக்கிறான். வக்கீல் வந்தபோது கணக்குப் புத்தகத்தில் இல்லாத ஒரு பதிவு, வழக்கு நடக்கும்போது புதிதாக முளைத்திருப்பதை வக்கீலே பார்க்கிறார். அது ரகசியம் ஆகாது என்று சட்டமே சொல்கிறது. காரணம், அது கட்சிக்காரர் வாயால் சொன்ன செய்தி இல்லை. வக்கீல் பொறுப்பேற்ற பிறகு நடந்த மோசடியை அவரே கண்ணால் கண்டது. 1872-இல் எழுதியவர்கள் தம்பியின் போனைப் பார்த்துவிட்டு எழுதிய மாதிரி இருக்கிறது.

இனி விதிகள். பார் கவுன்சில் ஆஃப் இந்தியா விதிகளில் கோர்ட்டுக்கான கடமைகள் முதலில் வருகின்றன, கட்சிக்காரருக்கான கடமைகள் அடுத்து. ஏழாம் நம்பர் சார் சொன்ன 'பயப்படாமல் வாதாடு' என்பது 15-ஆம் விதி. அதிலேயே 'நியாயமான, கௌரவமான எல்லா வழிகளிலும்' என்று இருக்கிறது, அதை விட்டுவிட்டார். 4-ஆம் விதி இன்னும் நேரடி. தான் செய்யக் கூடாததைக் கட்சிக்காரரும் செய்யாமல் தடுக்கப் பார்க்க வேண்டும். கேட்காமல் பிடிவாதம் பிடித்தால் அவருக்காக ஆஜராக மறுக்க வேண்டும். வக்கீல் கட்சிக்காரரின் வெறும் ஊதுகுழல் இல்லை என்றும் அதே விதி சொல்கிறது.

தம்பிக்கு ஒரு கேள்வி. உங்களுக்குத் தெரியுமா, சந்தேகப்படுகிறீர்களா? வித்தியாசம் பெரிது. 'வாதிதான் முதலில் தப்பாக எழுதிவிட்டு அப்புறம் திருத்திக் கொடுத்தார்' என்று கட்சிக்காரர் சொன்னால் என்ன செய்வீர்கள்?

முதல்வாய்தா | செவ்வாய், மாலை 6.50

அதையும் யோசித்தேன் சார். படம் எடுத்த தேதி சம்மன் வந்த பிறகு. வழக்குப் போட்ட வாதி, வழக்கு நடக்கும்போது எதிரி வீட்டுக்கு வந்து தனக்கே ஒரு லட்சம் நஷ்டமாகும்படி திருத்திக் கொடுத்துவிட்டுப் போயிருக்க மாட்டார்.

கருப்புக்குடை | செவ்வாய், மாலை 7.02

அப்போ தெரியும்.

மல்லிகா தேவகோட்டை | செவ்வாய், இரவு 9.20

நான் வக்கீல் இல்லைங்க. உங்க பேச்சுக்கு நடுவுல வர்றதுக்கு மன்னிக்கணும். எங்க பாகப்பிரிவினை கேஸ் ஆறு வருஷமா நடக்குது. வக்கீலை மாத்தலாம்னு போனா, பாக்கி பீஸ் 40 ஆயிரம் வெச்சாத்தான் கேஸ் கட்டு தருவேன்கிறாரு. எங்க மூலப்பத்திரமும் அதுக்குள்ள இருக்கு. ரசீது இல்லாம இதுவரைக்கும் எவ்வளவோ கொடுத்தாச்சு. நுகர்வோர் கோர்ட்டுல போடலாம்னு ஒருத்தர் சொன்னாரு. வக்கீலுங்க ஒழுக்கம்னு பேசுறீங்களே, இதுக்கு என்ன சொல்றீங்க?

கருப்புக்குடை | செவ்வாய், இரவு 10.05

அம்மா, நுகர்வோர் கோர்ட்டில் இப்போது முடியாது. வக்கீல் சேவை அந்தச் சட்டத்துக்குள் வராது என்று 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. ஆனால் உங்கள் கட்டு விஷயத்தில் சட்டம் உங்கள் பக்கம் தெளிவாக இருக்கிறது. போபாலில் ஒரு கூட்டுறவு வங்கியின் வக்கீல், பீஸ் பாக்கிக்காகக் கட்டுகளைத் திருப்பித் தராமல் வைத்திருந்தார். 2000-இல் உச்ச நீதிமன்றம், கட்டு என்பது அடகு வைக்கும் பொருள் இல்லை, பீஸ் வேண்டுமென்றால் தனியாக வழக்குப் போட்டு வாங்கிக்கொள், கட்டைப் பிடித்து வைப்பது தொழில் நடத்தைக் கேடு என்று சொன்னது.

முதலில் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் போடுங்கள்: என்னென்ன பத்திரம், இத்தனை நாளுக்குள் வேண்டும் என்று. பதில் வராவிட்டால் தமிழ்நாடு பார் கவுன்சிலுக்குப் புகார். அங்கே முகாந்திரம் இருப்பதாக நினைத்தால் மூன்று பேர் கொண்ட ஒழுங்கு நடவடிக்கைக் குழுவுக்குப் போகும். ஒரு வருடத்துக்குள் முடிக்காவிட்டால் டெல்லியில் இருக்கும் இந்திய பார் கவுன்சிலுக்கு மாறிவிடும். தாமதம் ஆகும், மறைக்கவில்லை. ஆனால் பல பேர் கடிதத்தைப் பார்த்ததுமே கட்டைக் கொடுத்துவிடுவார்கள்.

மல்லிகா தேவகோட்டை | செவ்வாய், இரவு 10.11

கடிதம் தமிழ்ல எழுதலாமா?

கருப்புக்குடை | செவ்வாய், இரவு 10.13

தாராளமாக. அஞ்சல் ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.

பழைய பெஞ்ச் கிளார்க் | புதன், காலை 6.10

நான் வக்கீலும் இல்லை, கட்சிக்காரனும் இல்லை. 28 வருஷம் கோர்ட்டில் கட்டு தூக்கியவன். குடையார் இவ்வளவு சொல்லிவிட்டு முக்கியமானதைச் சொல்லவில்லை. ரகசியம் இல்லை என்று சட்டமே சொல்கிறது, அப்புறம் ஏன் இந்தப் பிள்ளை நேராகப் போய் ஜட்ஜிடம் சொல்லக் கூடாது? வக்கீல் கோர்ட்டின் அதிகாரி என்று நீங்கள்தானே சொல்லிக்கொள்கிறீர்கள்? செங்கல்வராய நாயுடு வழக்கில், ஒரு விடுதலைப் பத்திரத்தை மறைத்து வாங்கிய டிகிரியே செல்லாது என்று 1993-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. வெறுமனே மறைத்ததற்கே அப்படியென்றால், திருத்தியதற்கு?

ஏழாம் நம்பர் அறை | புதன், காலை 9.40

பெரியவர் சொல்ற மாதிரி செஞ்சா நாளைக்கு எந்தக் கட்சிக்காரன் வக்கீல்கிட்ட உண்மையைச் சொல்வான்? நம்மகிட்டயும் பொய், கோர்ட்டுலயும் பொய்னு ஆயிடும்.

கருப்புக்குடை | புதன், மதியம் 1.30

இதில் நான் இருவருக்கும் நடுவில் நிற்கிறேன்.

'பாதுகாப்பு இல்லை' என்பதற்கும் 'சொல்லியே ஆக வேண்டும்' என்பதற்கும் தூரம் அதிகம். 126 என்ன சொல்கிறது? கட்சிக்காரரின் அனுமதி இல்லாமல் வெளியிடக் கூடாது என்று வக்கீலின் வாயைக் கட்டுகிறது. மோசடி என்று வந்தால் அந்தக் கட்டை அவிழ்த்துவிடுகிறது. கட்டு அவிழ்ந்தவர் பேசலாம், கேட்டால் பேச வேண்டியிருக்கும். யாரும் கேட்காதபோது எழுந்து பேசியாக வேண்டுமா? அமெரிக்க விதிகளில், பொய்ச் சாட்சியம் கோர்ட்டுக்குப் போய்விட்டால் வக்கீல் அதைச் சரிசெய்ய வேண்டும், தேவைப்பட்டால் வெளியிடவும் வேண்டும் என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். நம் பார் கவுன்சில் விதிகளில் அப்படி ஒரு வரி இல்லை. நம்முடையது 'தடு, கேட்காவிட்டால் விலகு' என்பதோடு நிற்கிறது.

தவிர, தம்பியின் வழக்கில் அந்த ரசீது இன்னும் கோர்ட்டுக்குப் போகவில்லை. மோசடி கோர்ட்டின் மேல் நடக்கவில்லை, ஆபீஸ் மேஜை மேல் கிடக்கிறது. தடுக்க நேரம் இருக்கிறது. அதனால் முதல் வேலை கட்சிக்காரரிடம் பேசுவது. தர்மம் பேச வேண்டாம், கணக்குப் பேசுங்கள்.

ஒரு வருட வட்டி 36 ஆயிரம். எண்பதாயிரம் உண்மையாகக் கொடுத்தது. வட்டிக்குப் போக மீதி 44 ஆயிரம் அசலில் கழிந்து, நிற்பது 2,56,000. திருத்திய ரசீதுப்படி நிற்பது 1,56,000. ஆக அவர் திருடப் பார்ப்பது ஒரு லட்சமும் அதன் வட்டியும். பதிலுக்கு எதைப் பணயம் வைக்கிறார்? கிராஸில் வாதி 'கையெழுத்து என்னுது, தொகை என்னுது இல்லை' என்று ஒரு வாக்கியம் சொல்லிவிட்டால் போதும், தாள் நிபுணருக்குப் போகும். திருத்தம் நிரூபணமானால் உண்மையான எண்பதாயிரத்தையும் எந்த ஜட்ஜும் நம்பமாட்டார். அதற்கு மேல் போலி ஆவணத்தை மெய்யென்று பயன்படுத்தியதற்குக் குற்ற வழக்கு. பாதிக் கட்சிக்காரர்கள் இந்தக் கணக்கிலேயே இறங்கி வந்துவிடுவார்கள். ஆனால் திருத்திய தாளை என்ன செய்ய முடியும் என்பதுதான் சங்கடம். பழையபடி ஆக்க முடியாது.

சீனியரின் திட்டத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அது கெட்டிக்காரத்தனமான திட்டம். எதிர்வாதவுரையோடு தாக்கல் செய்யாத ஆவணத்தைப் பிற்பாடு கொண்டுவர அனுமதி மனுவும் கட்சிக்காரரின் சத்தியப் பிரமாணமும் வேண்டும். ஆனால் எதிர்சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யக் காட்டும் ஆவணத்துக்கு ஆர்டர் 8 ரூல் 1ஏ விலக்கு கொடுக்கிறது. ஆக யாரும் சத்தியம் பண்ணாமல், நம் பக்கம் ஒரு பொய்கூட எழுதாமல், வாதியின் வாயாலேயே தாள் உள்ளே போகிறது. 'கையெழுத்து உங்களுடையதா?' என்ற கேள்வியில் பொய் இல்லைதான். ஆனால் பொய் என்று தெரிந்த சான்றை மெய்யான சான்றாகப் பயன்படுத்துவது தனிக் குற்றம். அந்தப் பிரிவு 'எவரொருவர்' என்றுதான் தொடங்குகிறது, கட்சிக்காரர் என்று இல்லை.

கூட்ஸ் வண்டி | புதன், மாலை 4.45

நடுவழி ஒண்ணு இருக்கே. ரசீதைக் காட்டவே வேணாம். தொகையையும் சொல்ல வேணாம். வாதியை 'நீங்க கணிசமான தொகை வாங்கிட்டு ரசீது போட்டுக் கொடுத்தீங்கதானே?'ன்னு மட்டும் கேளுங்க. ஆமாம்னா நல்லது. பொய்யும் சொல்லலை, கட்சிக்காரரும் சந்தோஷம்.

கருப்புக்குடை | புதன், இரவு 8.20

கூட்ஸ் சார், அந்தக் கேள்வியோடு நின்றால் தப்பில்லை, எண்பதாயிரம் வாங்கியது உண்மைதானே. ஆனால் வாதி 'எவ்வளவு என்று ரசீதைக் காட்டுங்கள்' என்பார், இல்லை ஜட்ஜ் கேட்பார். 'காட்ட வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறோம்' என்பீர்களா, 'தேடிக்கொண்டிருக்கிறோம்' என்பீர்களா? இரண்டாவதில் உங்கள் சொந்த வாயால் பொய்.

பொய் சொல்லாமலே ஏமாற்ற முடியும் என்பதற்கு இங்கிலாந்தில் 1961-இல் முடிவான ஒரு வழக்கு உண்டு. ஒரு பத்திரிகைப் புகைப்படக்காரர், தன்னை அடித்ததாக ஒரு போலீஸ் தலைமை இன்ஸ்பெக்டர் மேல் நஷ்டஈடு கேட்டார். வழக்கு விசாரணைக்கு வருவதற்குள், அந்த இன்ஸ்பெக்டர் வேறொரு விவகாரத்தில் கோர்ட்டை ஏமாற்றியதற்காக சார்ஜெண்டாகப் பதவி இறக்கப்பட்டிருந்தார். அவருடைய வக்கீல் அதை மறைக்க முடிவு செய்தார். அவரைச் சீருடை இல்லாமல் சாதாரண உடையில் வரவழைத்தார், 'மிஸ்டர்' என்றே கூப்பிட்டார். ஜட்ஜ் 'இன்ஸ்பெக்டர்' என்று சொன்னபோது திருத்தவில்லை. ஜூரி போலீஸ்காரர் பக்கம் சாய்ந்தது. விஷயம் வெளியே வந்ததும் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைத் தூக்கிப் போட்டு மறுவிசாரணைக்கு உத்தரவிட்டது. அந்த வக்கீல் தொழிலிலிருந்து இடைநீக்கம் செய்யப்பட்டார்.

கெட்ட செய்தியை நாமே போய்ச் சொல்ல வேண்டும் என்று அதற்கு அர்த்தமில்லை. எதிர்த்தரப்பு தேடிக் கண்டுபிடிக்க வேண்டியதை நாம் ஊட்டிவிட வேண்டியதில்லை. ஆனால் கோர்ட் ஒன்றைத் தப்பாக நம்பும்படி மேடை அமைப்பது வேறு.

தஞ்சை மணி | புதன், இரவு 8.41

சீனியரை எதிர்த்துக்கிட்டு ஜூனியர் எப்படிங்க பிழைக்கிறது? அதைச் சொல்லுங்க முதல்ல.

கருப்புக்குடை | புதன், இரவு 9.30

நியாயமான கேள்வி மணி. அதற்கு விதியில் பதில் இல்லை. 'சீனியர் சொன்னார், செய்தேன்' என்பது ஒழுங்கு நடவடிக்கைக் குழு முன்னால் தண்டனையைக் குறைக்க உதவலாம், தப்பிக்க உதவாது. நம்பரும் சன்னதும் அவரவருக்குத் தனித்தனி. நான் இரண்டாம் வருடத்தில் இதைவிடச் சின்ன விஷயத்துக்கு ஒரு ஆபீஸை விட்டேன். ஏழு மாதம் வேறு ஆபீஸ் கிடைக்கவில்லை. வீரமாகச் செய்யவில்லை, பயத்தில் செய்தேன்.

முதல்வாய்தா | ஞாயிறு, இரவு 11.25

நடந்ததைச் சொல்கிறேன். வெள்ளிக்கிழமை கட்சிக்காரரைத் தனியாகக் கூப்பிட்டு, போனில் இருக்கும் படத்தைக் காட்டினேன். எங்கப்பா வயசு. கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், 'அவன் மட்டும் வட்டிக்கு வட்டி போட்டிருக்கான், அது நியாயமா?' என்றார். குடை சார் போட்ட கணக்கை ஒரு தாளில் எழுதிக் காட்டினேன். தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். சனிக்கிழமை மகனோடு சீனியரிடம் வந்து, 'ஜூனியர் எங்களை மிரட்டுகிறார்' என்றார்.

சீனியர் கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. 'நீ கிராஸ் பண்ண வேண்டாம், நானும் பண்ணலை. வேற ஆள் பார்க்கச் சொல்லிடறேன். ஆனா நீயும் வேற ஆபீஸ் பார்த்துக்கோ, இந்த மாசம் முடியட்டும்' என்றார். அவருக்கும் பயம் வந்ததா, என் மேல் வெறுப்பா என்று தெரியவில்லை.

இப்போது கேள்வி: வக்காலத்திலிருந்து விலகுவது எப்படி? மெமோவில் காரணம் எழுதணுமா?

கருப்புக்குடை | திங்கள், காலை 7.15

ஆர்டர் 3 ரூல் 4-இன்படி, கோர்ட் அனுமதியோடு எழுத்தில் முடித்தால்தான் வக்காலத்து முடிகிறது. கட்சிக்காரர் வேறு வக்கீல் வைத்து, நீங்கள் ஆட்சேபணை இல்லை என்று எழுதிக் கொடுத்தால் சுலபம். இல்லாவிட்டால் நியாயமான அவகாசம் கொடுத்து அவருக்குப் பதிவுத் தபாலில் நோட்டீஸ், பிறகு கோர்ட்டில் மெமோ. கிராஸ் தேதிக்கு முந்தின நாள் 'நோ இன்ஸ்ட்ரக்ஷன்ஸ்' என்று எழுதிப் போட்டுவிட்டு ஓடினால் அவர் எக்ஸ்பார்ட்டி ஆவார், அது உங்கள் மேல் இன்னொரு புகார். செய்யாத வேலைக்கான பீஸைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். மல்லிகா அம்மா கேட்டது உங்களுக்கும் பொருந்துகிறது: கட்டை முழுசாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும், அந்த ரசீது உட்பட. அது அவருடைய தாள். உங்கள் அலமாரியில் வைத்துக்கொள்ள உங்களுக்கு உரிமை இல்லை.

மெமோவில் காரணம் எழுதாதீர்கள். 'நோ இன்ஸ்ட்ரக்ஷன்ஸ்' என்றும் எழுதாதீர்கள், அது பொய். உங்களுக்கு இன்ஸ்ட்ரக்ஷன் வந்தது, அதுதானே தகராறு. 'தொடர்ந்து ஆஜராக இயலாத நிலை' என்று எழுதினால் போதும்.

ஏழாம் நம்பர் அறை | திங்கள், காலை 10.20

அந்த வரியே ஜட்ஜுக்குக் காதில் ஊதுற மாதிரிதான். கிராஸுக்கு முன்னாடி வக்கீல் காரணம் சொல்லாம ஓடுறான்னா எந்த ஜட்ஜுக்கும் புரியும்.

கருப்புக்குடை | திங்கள், காலை 10.44

புரியலாம். இதைவிட நல்ல வரி எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள், நானும் எடுத்துக்கொள்கிறேன்.

முதல்வாய்தா | மூன்று வாரம் கழித்து, வியாழன், மாலை 5.50

எல்லோரும் கேட்டிருந்தீர்கள். மாற்று வக்காலத்து வந்தது, நானும் சீனியரும் ஆட்சேபணை இல்லை என்று எழுதிக் கொடுத்தோம். கட்டைப் பக்கம் எண்ணிக் கொடுத்து, ரசீதும் சேர்த்துப் பட்டியல் போட்டு, கையெழுத்து வாங்கிக்கொண்டேன். பட்டியலில் 'ரூ.1,80,000 என்று காணப்படும் ரசீது' என்று எழுதினேன். மகன் அந்த வரியை இரண்டு தடவை படித்தார்.

இன்றைக்கு வேறொரு வழக்குக்காக அதே கோர்ட் ஹாலில் உட்கார்ந்திருந்தேன். அந்த வழக்கைக் கூப்பிட்டார்கள். புது வக்கீல் ரசீதைக் காட்டி, சீனியர் சொன்ன அதே கேள்வியைக் கேட்டார். வாதி வாங்கிப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடி பார்த்தார். 'கையெழுத்து என்னுது. நான் எழுதினது எண்பதாயிரம்' என்றார். ஆட்சேபணையோடு பி1 ஆனது. வெளியே வந்ததும் வாதியின் வக்கீல் என்னிடம், 'முன்னாடி நீங்கதானே இருந்தீங்க?' என்றார். ஆமாம் என்றேன். வேறு எதுவும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

பழைய பெஞ்ச் கிளார்க் | வியாழன், மாலை 6.30

சொல்லியிருக்க வேண்டும். இப்போது அந்தத் தாள் உள்ளே போய்விட்டது. குடையார் அன்றைக்கு 'இன்னும் கோர்ட்டுக்குப் போகவில்லை' என்றாரே, இப்போது போய்விட்டதே, இப்போது என்ன சொல்கிறார்? எண்பதாயிரம் என்று அந்த மனுஷன் உண்மையைச் சொல்கிறார், அதை நம்பவைக்கும் ஒரே சான்று இந்தப் பிள்ளையின் பையில் இருக்கிறது.

கருப்புக்குடை | வியாழன், இரவு 9.10

பெரியவர் கேட்பது சரியான கேள்வி. தாள் உள்ளே போகும்போது தம்பி அந்த வழக்கில் இல்லை. விலகிய பிறகும் ரகசியக் கடமை தொடரும் என்று 126-ஆம் பிரிவே சொல்கிறது. மோசடியைக் கண்ட விஷயம் அதற்குள் வராது என்பதும் உண்மை. ஆனால் அந்த முதல் நாள் சந்திப்பில் கட்சிக்காரர் வாயால் சொன்ன மற்றதெல்லாம் வரும். தானாக எதிர்த்தரப்பு வக்கீலிடம் பேசத் தொடங்கினால் எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் அதையும் உளறிவிடுவோம். அதனால் என் பேச்சு: சம்மன் வந்தால் கூண்டில் ஏறுங்கள், படத்தைப் பற்றி மட்டும், கேட்டதற்கு மட்டும் பதில். சம்மன் வரும்வரை சும்மா இருங்கள். படத்தை மட்டும் அழிக்காதீர்கள், தெரிந்து அழித்தால் நீங்களும் உள்ளே வந்துவிடுவீர்கள்.

பெரியவருக்கு இது பிடிக்காது. எனக்கும் முழுசாகப் பிடித்திருக்கிறது என்று சொல்லமாட்டேன்.

பழைய பெஞ்ச் கிளார்க் | வியாழன், இரவு 9.25

பிடிக்கவில்லை. படம் இருக்கிறது என்று தெரியாதவர் எதை வைத்துச் சம்மன் அனுப்புவார்?

மல்லிகா தேவகோட்டை | வெள்ளி, காலை 8.05

தம்பி, கட்டு வந்துருச்சு. கடிதம் போட்ட ஒன்பதாம் நாள். மூலப்பத்திரம் இருக்கு. ஒரு வில்லங்கச் சான்று மட்டும் காணோம். உங்களுக்கு வேற ஆபீஸ் கிடைச்சுதா?

முதல்வாய்தா | வெள்ளி, இரவு 10.15

இன்னும் இல்லைக்கா. இந்தப் போன் பழசு, பேட்டரி உப்பிப்போய் மூடி நிற்க மாட்டேங்குது. போன மாசமே மாற்றலாம் என்றிருந்தேன். இப்போது கடையில் கொடுக்கவே பயமாக இருக்கிறது. ரப்பர் பேண்டு போட்டு வைத்திருக்கிறேன்.